முட்டி மாத்தின அம்மாவுக்கு வீட்டு எக்சர்சைஸ் பேப்பர்

(வலது முட்டி, ஆபரேஷன் முடிஞ்சு 12 நாள். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க. மகளும் ஒருதடவ படிச்சிடணும்.)

அம்மா, கிளினிக்ல செஞ்சு காட்டினது வீட்டுக்குப் போனதும் பாதி மறந்துடும், அதனால எழுதியே குடுத்துட்டேன். வலி மாத்திரை சாப்ட்டு அரை மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க, வலிக்கட்டும் அப்புறம் போட்டுக்கலாம்னு மாத்திரைய மிச்சம் பிடிச்சா எக்சர்சைஸே செய்ய முடியாது.

முதல்ல ஒரு விஷயம், இதத்தான் எல்லாரும் தப்பா செய்றாங்க. முட்டிக்கு கீழ தலகாணி வச்சு தூங்காதீங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா கால் அப்படியே கொஞ்சம் மடங்கின வாக்குல இறுகிப்போயிடும், பிறகு நொண்டி நொண்டிதான் நடக்கணும். எல்லாரும் எவ்வளவு மடங்குதுனுதான் கேக்குறாங்க, நேரா நீட்ட வருதானு யாரும் கேக்கறதில்ல, எனக்கு ரெண்டும் வேணும்.

படுத்துக்கிட்டு செய்றது (காலைல, மத்தியானம், சாயங்காலம்)

1. பாதத்த மேல இழுத்து கீழ தள்ளுங்க, 20 தடவ. ரத்தம் கட்டாம இருக்க இது. டிவி பாக்கறப்ப மணிக்கு ஒருதடவ செஞ்சாலும் நல்லதுதான்.

2. கால நீட்டி முட்டியோட பின்பக்கத்த மெத்தையில அழுத்துங்க, தொடை மேல கைய வச்சா சதை கல்லு மாதிரி ஆகறது தெரியணும். 5 எண்ணி விடுங்க. 10 தடவ. மூச்ச அடக்காதீங்க, சத்தமா எண்ணுனா மூச்சு தானா வரும்.

3. காலி மைலோ டின், பெரிய சைஸ், துவாலை சுத்தி முட்டிக்கு கீழ வைங்க. முட்டி டின் மேலயே இருக்கட்டும், குதிகால மட்டும் தூக்கி கால நேராக்குங்க, 5 எண்ணி மெதுவா இறக்குங்க. 10 தடவ. முடிஞ்சதும் டின்ன எடுத்துடுங்க, தலகாணிக்கு சொன்னதேதான் இதுக்கும்.

4. இப்ப அதே துவாலைய சுருட்டி குதிகாலுக்கு கீழ வைங்க, முட்டிக்கு கீழ ஒண்ணும் இருக்கக்கூடாது. 5 நிமிஷம் அப்படியே விடுங்க. பின்பக்கம் இழுக்கும், இழுக்கணும்.

உக்காந்துக்கிட்டு மடக்குறது

சாப்பாட்டு மேசை நாற்காலி போதும், தாழ்வான சோஃபா வேணாம். சிமெண்ட் தரையில ஒரு பழைய துணிய போட்டு அதுமேல வலது பாதத்த வச்சு பின்னாடி இழுத்துக்கிட்டே போங்க, நின்ன இடத்துல இடது கால குறுக்க போட்டு இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, 10 எண்ணுங்க, விடுங்க. 10 தடவ. இடுப்ப தூக்கி ஏமாத்தாதீங்க, நேத்து பாத்தேன் நானு. இப்ப 75 டிகிரி வருது, 90 வந்தா நாற்காலியில இருந்து எழறது ரொம்ப லேசாயிடும்.

நடக்குறது

வாக்கர் முதல்ல, அப்புறம் வலது கால், அப்புறம் இடது. வாசல்ல இருந்து முனீஸ்வரர் கோயில் வரைக்கும் ஒரே மூச்சுல போறதவிட வீட்டுக்குள்ளேயே மணிக்கு 5 நிமிஷம் நடக்குறது நல்லது. வாசல்படி: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. தரைப்பாய், வயரெல்லாம் ஓரமா எடுத்துடுங்க. வழுக்குற செலிப்பர் வேணாம். குந்துற கக்கூஸ் இப்போதைக்கு கூடவே கூடாது, கமோட் நாற்காலி வச்சுக்கோங்க. முட்டி போட்டு சாமி கும்பிட வேணாம், நின்னுக்கிட்டே கும்பிடுங்க. 30 வருஷம் பால் வெட்டின ஆளுக்கு சும்மா உக்கார கஷ்டம்தான், தெரியும், ஆனா பின்னாடி இருக்குற வாழமரத்துக்கு மகனே தண்ணி ஊத்தட்டும்.

எக்சர்சைஸ் முடிஞ்சா ஐஸ், துணியில சுத்தி 15 நிமிஷம், கால நீட்டி குதிகால உயரமா வச்சுக்கிட்டு. காயத்துல ஈரம் படக்கூடாது. பக்கத்து வீட்டு அக்கா குடுத்த எண்ணெய், மினியாக் ஆஙின் எதையும் காயத்துகிட்ட தடவாதீங்க, ஆள வச்சு உருவி விடுறதும் வேணாம்.

செஞ்சபிறகு வலி கொஞ்ச நேரத்துல தணிஞ்சா சரிதான். மறுநாள் காலைலயும் வீக்கம் ஏறியே இருந்தா எண்ணிக்கைய பாதியாக்குங்க, ஒரேடியா நிறுத்தாதீங்க. முட்டி சூடா இருக்குறது, வெளிப்பக்கம் மரத்துப்போறது, உள்ள டக்குனு சத்தம் கேக்குறது எல்லாம் நிறைய பேருக்கு வரும், பயப்பட வேணாம்.

ஆனா இது வந்தா என் அப்பாயிண்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க: காயத்துல சீழ், சிவப்பு பரவுறது, 38க்கு மேல காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி அமுக்கினா வலிக்கிறது, இதுக்கெல்லாம் அன்னிக்கே ஆஸ்பத்திரி. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுனா 999. ரத்தம் உறையாம இருக்க குடுத்த மருந்த நீங்களா நிறுத்தாதீங்க. இனிப்புநீரும் கட்டுப்பாட்டுல இருக்கணும், சர்க்கரை ஏறினா காயம் ஆற லேட்டாகும்.

அடுத்து செவ்வாய்க்கிழமை காலை 9.30. முட்டிக்கு மேல சுருட்டி விடுற மாதிரி லூசான சிலுவார் போட்டுட்டு வாங்க, வாக்கரையும் கொண்டு வாங்க, அதோட ரப்பர் தேஞ்சிருக்கானு பாக்கணும்.