பணி விலகல் சரிபார்ப்புப் பட்டியல்: பேக்எண்ட் டெவலப்பரின் அணுகலை நீக்குதல்

கோவை அலுவலகம், சம்பளப் பட்டியல் மென்பொருள் குழு. கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமை. பொறுப்பு ஐடி நிர்வாகி; சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் குழுத் தலைவர்.

நாலரை வருடம் நம்மோடு உழைத்தவர். சந்தேகப்பட்டு இதைச் செய்யவில்லை. பின்னால் கோளாறு ஏதும் வந்தால் அவர் பெயர் அடிபடக் கூடாது. அதை அவரிடமே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வியாழன், அவர் பக்கத்தில் இருக்கும்போதே

☐ அவருடைய ஃபோர்க்கில் மட்டும் இருக்கும் பிராஞ்ச்களை முதன்மை ரெப்போவுக்குத் தள்ளச் சொல்லவும். நிறுவனத்திலிருந்து நீக்கினால் தனியார் ரெப்போக்களின் ஃபோர்க்கை GitHub அழித்துவிடும்.

☐ சர்வரில் அவர் பெயரில் ஓடும் வேலைகளைப் பார்த்து, பொதுக் கணக்குக்கு மாற்றவும்:

```
sudo crontab -l -u backend2
```

☐ ஷேர்டு டிரைவ்களில் அவர் மட்டுமே மேனேஜராக இருந்தால் இன்னொருவரைச் சேர்க்கவும்.

வெள்ளி மாலை 6 மணி, லேப்டாப் கைக்கு வந்ததும்

☐ மின்னஞ்சல்: பாஸ்வேர்டை மாற்றி, எல்லா செஷன்களையும் வெளியேற்றி, மீட்பு எண்ணையும் இணைத்த வெளி ஆப்களையும் நீக்கவும். கணக்கை இப்போதே சஸ்பெண்ட் செய்ய வேண்டாம். செய்தால் வாடிக்கையாளர் அனுப்பும் மெயில் சேராது. இரண்டு வாரம் இன்பாக்ஸைக் குழுத் தலைவர் பார்க்கட்டும். தானியங்கிப் பதிலில் புதிய தொடர்பு முகவரி இருக்க வேண்டும்.

☐ GitHub: நிறுவனத்திலிருந்து நீக்கவும். வெளிக் கூட்டாளியாக மாற்றும் தேர்வைத் தொடாதீர்கள்.

☐ டிப்ளாய் கீ: இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். அவர் உருவாக்கிய கீ அவரை நீக்கிய பிறகும் வேலை செய்யும், ஏனென்றால் அது ஆளோடு அல்ல, ரெப்போவோடு கட்டியது. ஒவ்வொரு ரெப்போவின் செட்டிங்ஸையும் திறந்து பார்த்துப் புதுக் கீ போடவும். அவருக்குத் தெரிந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் கேட்வே டோக்கன் எல்லாம் மாற வேண்டும்.

☐ சர்வர்: பாஸ்வேர்டைப் பூட்டினால் மட்டும் போதாது, SSH கீ வழியே நுழைய முடியும். கணக்கைக் காலாவதி ஆக்கவும்:

```
sudo usermod --lock --expiredate 1 backend2
sudo pkill -KILL -u backend2
```

பொதுக் கணக்குகளின் `authorized_keys` கோப்பிலும் அவர் கீ இருக்கிறதா என்று பார்க்கவும்.

இரண்டு வாரம் கழித்து

☐ மை டிரைவ் கோப்புகளின் உரிமையைக் குழுத் தலைவருக்கு மாற்றவும். போன வருடம் ஒருவரின் கணக்கை அவசரமாக அழித்தோம். மாதக் கடைசியில் வருகைப் பதிவு ஷீட்டைக் காணவில்லை, சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனது. எட்டு வீடுகளில் இஎம்ஐ நாள் அது.

☐ அவருடைய சொந்த ஜிமெயிலுக்குப் பகிர்ந்தவை, ‘லிங்க் உள்ள யாரும்’ என்று திறந்தவை: இரண்டையும் மூடவும்.

☐ கணக்கை சஸ்பெண்ட் செய்யவும். அழிப்பது அப்புறம், குழுத் தலைவர் எழுத்தில் சம்மதித்த பின்தான். அழித்த கணக்கை 20 நாட்களுக்குள் மட்டுமே மீட்கலாம்.