பம்ப்செட் கையேட்டு மொழிபெயர்ப்பு: திருத்திய கொட்டேஷன்

தம்பி,

நீ அனுப்பிய கொட்டேஷனைப் படித்தேன். சொல்லுக்கான ரேட்டைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாய், அதைத் தொடவில்லை. ஆனால் "வார்த்தைக்கு 2.50 என்று வைத்துக்கொள்கிறேன், அதிகம் என்றால் குறைத்துக்கொள்ளலாம் சார்" என்று எழுதினால் பேரத்தை நீயே தொடங்கி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. "சின்ன வேலை வந்தால் தனியாகப் பேசிக்கலாம்", "பேமெண்ட் அவசரமில்லை" என்ற இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். கோயம்புத்தூர் கம்பெனி ஆட்கள் கணக்கில் கறார். எவ்வளவு, எதற்கு, எப்போது என்று தெளிவாகச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முழு மெயிலையும் திருப்பி எழுதியிருக்கிறேன். அப்படியே அனுப்பலாம்.

பொருள்: பம்ப்செட் பயனர் கையேடு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, கட்டண விவரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிங்கிள் பேஸ் மோனோபிளாக் பம்ப்செட்டின் பயனர் கையேட்டைத் தமிழில் தரக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய வேர்டு கோப்பை முழுவதும் பார்த்துவிட்டேன்.

கட்டணம் ஆங்கில மூலத்தின் ஒரு சொல்லுக்கு ₹2.50. கோப்பில் வேர்டு கணக்குப்படி 6,250 சொற்கள் உள்ளன. 4 வயரிங் படங்களில் உள்ள எழுத்து அந்தக் கணக்கில் வராது என்பதால் அவற்றைத் தனியாக எண்ணினேன், 150 சொற்கள். மொத்தம் 6,400 சொற்கள், ₹16,000. இதில் மொழிபெயர்ப்பு, மறுவாசிப்பு, அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை ஒரு முறை சரிபார்த்துத் தருவது மூன்றும் அடங்கும். மூலக் கோப்பு மாறாத வரை இந்தத் தொகையும் மாறாது.

ஃபுட் வால்வு, பிரைமிங், ஸ்டார்ட்டர் போன்றவற்றுக்கு விவசாயிகளும் மெக்கானிக்குகளும் சொல்லும் பெயர்களையே பயன்படுத்துவேன். உங்கள் சர்வீஸ் பிரிவில் வழக்கமாக எழுதும் சொற்கள் இருந்தால் தொடங்கும் முன் அனுப்பிவையுங்கள், கையேடு முழுக்க அவற்றையே வைக்கிறேன்.

கையேட்டுக்குப் பிறகு எச்சரிக்கை ஸ்டிக்கர், கேரண்டி அட்டை போன்ற சிறு வேலைகளும் வரும் என்று சொன்னீர்கள். அவற்றுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ₹800. அதாவது 320 சொற்கள் வரையுள்ள எந்த வேலைக்கும் ₹800. அதற்கு மேல் போனால் சொல்லுக்கு ₹2.50 வீதம். ஒரே நேரத்தில் சேர்த்து அனுப்பும் ஸ்டிக்கர்கள் எத்தனை இருந்தாலும் ஒரே வேலையாகக் கணக்கிடுவேன்.

கட்டணத்தில் 40 சதவீதம், ₹6,400, ஆர்டரை உறுதிசெய்யும்போது முன்பணமாகத் தர வேண்டும். முன்பணம் வந்த மறுநாளிலிருந்து 7 வேலை நாட்களில் முழுக் கையேட்டையும் ஒப்படைப்பேன். கோப்புடன் இன்வாய்ஸும் வரும். மீதி ₹9,600 இன்வாய்ஸ் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் தர வேண்டும். சிறு வேலைகளுக்கு முன்பணம் தேவையில்லை. அந்தந்த மாதக் கடைசியில் ஒரே இன்வாய்ஸ் அனுப்புவேன், அதற்கும் 15 நாட்கள். நெஃப்ட், யுபிஐ இரண்டில் எதில் அனுப்பினாலும் சரி. என் ஆண்டு வருமானம் ஜிஎஸ்டி வரம்புக்குள் இருப்பதால் இந்தத் தொகைகளோடு ஜிஎஸ்டி சேராது. டிடிஎஸ் பிடிப்பதாக இருந்தால் என் பான் எண் இன்வாய்ஸில் இருக்கும்.

ஒப்படைத்த 10 நாட்களுக்குள் மொழிபெயர்ப்பில் திருத்தம் சொன்னால் கட்டணமின்றிச் செய்து தருவேன். ஆங்கில மூலத்தில் புதிதாகச் சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் சொல் கணக்கில் கட்டணம் உண்டு. கோப்பை யூனிகோடில் தருவேன். உங்கள் வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவில் வேலை செய்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். எழுத்துருவை மாற்றும்போது எழுத்து உடையும் இடங்களை அச்சுக்கு முன் நானே பார்த்துவிடுகிறேன்.

இந்தக் கட்டணம் இன்றிலிருந்து 30 நாட்களுக்குப் பொருந்தும். சம்மதமென்றால் இந்த மெயிலுக்கே பதிலாக "சம்மதம்" என்று எழுதி அனுப்பினால் போதும், முன்பணத்துக்கான விவரத்தை அன்றே அனுப்பிவிடுவேன்.

நன்றி.

மெயில் அவ்வளவுதான். கீழே உன் பெயர், போன் நம்பர், சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு எண். மாற்றியவற்றில் சிலவற்றுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

"ஆங்கில மூலத்தின் ஒரு சொல்லுக்கு" என்பதை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதே. "பம்பை உலர்ந்த நிலையில் இயக்காதீர்கள்" என்பது தமிழில் 4 சொல், ஆங்கிலத்தில் 5 அல்லது 6 வரும். வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் கையேடு முழுக்க இப்படித்தான் குறையும். வேலை முடிந்த பிறகு அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆள் தமிழ்க் கோப்பைத் திறந்து எண்ணினால் தொகை நிறையவே இறங்கும். அவர் ஏமாற்றவில்லை, நாம் எழுதாமல் விட்டிருப்போம். வயரிங் படங்களையும் அதற்காகத்தான் எண்ணிப் போட்டேன். நீ 6,250 என்று மட்டும் போட்டிருந்தாய்.

குறைந்தபட்சக் கட்டணத்தில் உனக்குத் தயக்கம் இருப்பது தெரிகிறது. "கையை உள்ளே விடாதே" என்று ஒரு ஸ்டிக்கர் வந்தால் 3 சொல்லுக்கு எப்படி 800 கேட்பது என்று யோசிப்பாய். அந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவார்கள் என்று கேட்க வேண்டும், "விடாதீர்கள்" போட்டால் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும், டிசைனர் அனுப்பும் ப்ரூஃபைப் பார்க்க வேண்டும், இன்வாய்ஸ் போட வேண்டும். அரை நாள் போய்விடும். ஒரு விவசாயியின் கை சம்பந்தப்பட்ட வரி அது, அதில் அவசரப்பட முடியாது. ஸ்டிக்கர்களைச் சேர்த்து அனுப்பினால் ஒரே வேலை என்று எழுதியிருப்பதால் அவர்களுக்கும் நஷ்டமில்லை.

"தாமதமானால் சட்டப்படி வட்டி வசூலிக்கப்படும்" என்று கடைசியில் எழுதியிருந்தாய். நீ சொன்ன சட்டம் இருப்பது உண்மைதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் முதல் மெயிலிலேயே அதைச் சொன்னால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். உத்யம் எண்ணை மெயிலிலும் இன்வாய்ஸிலும் போட்டால் போதும். அந்தக் காலக்கெடுவைத் தாண்டிக் கொடுக்கும் பணத்தை, உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2024-இல் வந்ததிலிருந்து அக்கவுண்ட்ஸ் ஆட்களே அந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறார்கள்.

கம்பெனிக்காரர் போன் பண்ணி "2 ரூபாய்க்கு முடிச்சுக் குடுங்க தம்பி" என்று கேட்பார், அது எதிர்பார்த்ததுதான். ரேட்டைக் குறைக்காதே. வேலையைக் குறைத்துக் கேள்: கேரண்டி விதிமுறைப் பக்கங்களை விட்டுவிடலாமா, அவர்களிடம் பழைய தமிழ்க் கையேடு இருந்தால் அதே பத்திகளை எடுத்துக்கொள்ளலாமா என்று. அப்படி எடுத்துக்கொள்ளும் சொற்களை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடு, தொகை தானாக இறங்கும். முழுப் பணத்தையும் முன்னாடியே தருகிறேன் என்றால் மட்டும் ₹500 தள்ளுபடி கொடு, அதையும் மெயிலில் எழுதிக் கொடு.

இன்று மதியத்துக்குள் அனுப்பிவிடு. பதில் வந்ததும் சொல், முன்பண இன்வாய்ஸை நானும் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.

அக்கா