பணி நிறைவு பெறும் எங்கள் அக்காவுக்கு: காணொளி வாசகம்

(திரையில்: துணை சுகாதார நிலையத்தின் மூடிய பச்சைக் கதவு. பின்னணியில் பேச்சு தொடங்குகிறது.)

தொகுப்பாளர் குரல்:

அக்கா, வணக்கம். 2025 ஜூன் 30 அன்று பகுதி சுகாதார செவிலியராகப் பணி நிறைவு பெறும் உங்களுக்காக, வேதாரண்யம் வட்டாரத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்களும், நீங்கள் வேலை பார்த்த ஊர்களின் மக்களும் தங்கள் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பியவற்றைக் கோத்து இந்தக் காணொளியை உருவாக்கியிருக்கிறோம். ஆளுக்கு அரை நிமிடம் பேசினால் போதும் என்று கேட்டிருந்தோம். அந்தக் கணக்கில் நின்றவர்கள் மிகச் சிலர்தான். மொத்தம் 47 பதிவுகள் வந்தன. இங்கே இடம் பெறாதவற்றையும் வெட்டாமல் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறோம். விழா முடிந்ததும் உங்கள் கையில் தருவோம். மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், அவரவர் பேசியதை எழுத்துத் தமிழில் திரையின் கீழே கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் 1991இல் கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடற்கரைக்கு வந்தீர்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அந்த 5,000 பேரில் எத்தனை பேர் உப்பளத்தில் இருப்பார்கள், எத்தனை பேர் கடலில் இருப்பார்கள், எந்த வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை. அது உங்களிடம்தான் இருந்தது. முதல் பதிவு அந்த உப்பளத்திலிருந்தே வருகிறது.

(திரையில்: அகஸ்தியம்பள்ளி உப்பளத் தொழிலாளி, மூன்று குழந்தைகளின் தாய்)

"நர்சம்மா, நல்லா இருக்கீங்களா? நான் உப்பு வாருகிற இடத்திலிருந்தே பேசுகிறேன். என் மூத்த மகனுக்கு ஆறாம் வாரத்து ஊசி போட வேண்டிய புதன்கிழமை நான் வரவில்லை. பத்தாம் வாரமும் வரவில்லை. விடியுமுன்பே நாங்கள் பாத்திக்கு வந்துவிடுவோம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மூன்றாவது புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் வீட்டு வாசலில் நின்றீர்கள். ஏன் வரவில்லை என்று அதட்டுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'எந்த வரப்பில் வேலை, எத்தனை மணிக்குக் கஞ்சி குடிக்க உட்காருவீர்கள்?' அதற்குப் பிறகு, கஞ்சி வேளைக்கு நீங்கள் வரப்பில் நடந்து வந்தீர்கள். உங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்களும் பிள்ளைகளைத் தூக்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். என் மூன்று பிள்ளைகளின் அட்டையும் இதோ இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் கரைந்துவிட்டது. ஆனால் உங்கள் கையெழுத்து எல்லாக் கட்டத்திலும் இருக்கிறது."

தொகுப்பாளர் குரல்:

உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் மாதத்திலேயே எனக்கு நீங்கள் சொன்னது இதுதான். விடுபட்ட குழந்தையின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று மட்டும் எழுதக் கூடாது. ஏன் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும், காரணம் தெரியவில்லை என்றால் போய்க் கேட்டு வந்து எழுத வேண்டும். உங்கள் பதிவேடுகளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய அந்தக் குறிப்புகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'மாமியார் பயப்படுகிறார்', 'தகப்பன் கடலில், வெள்ளி வருவான்', 'காய்ச்சல், திங்கள் பார்க்க'. இந்த வேலையைப் பற்றி நான் படித்தவற்றில் இவற்றைவிடப் பயன்பட்டது வேறொன்றும் இல்லை.

(திரையில்: ஆறுகாட்டுத்துறை மீனவர். காற்றின் இரைச்சலில் குரல் சரியாகக் கேட்கவில்லை. அவரையே கேட்டு எழுத்தாகத் தருகிறோம்.)

"அக்கா, வலை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நேரமில்லை. நன்றாக இருங்கள்."

(திரையில்: நகரப் பேருந்து நடத்துநர், பணி ஓய்வு பெற்றவர்)

"புதன்கிழமை காலை வண்டியில் முன்பக்கம் இரண்டாவது இருக்கை உங்களுக்கு. ஊசி மருந்து இருக்கும் நீலப் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்வீர்கள்; கீழே வைக்கச் சொன்னால் இன்ஜின் சூடு படும் என்பீர்கள். ஒரு புதன்கிழமை உங்களைக் காணாமல் ஓட்டுநர் தானாகவே வண்டியை நிறுத்திவிட்டார். நீங்கள் வரும்வரை பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, அம்மா."

(திரையில்: ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர்)

"வணக்கம், சிஸ்டர். கஜா புயலைப் பற்றித்தான் நான் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் நம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் மின்கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. தென்னை முழுவதும் சாலையில் கிடந்தது. மருந்துக் கிடங்கின் ஓட்டைப் பார்த்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் நனைந்த புடவையோடு உள்ளே வந்து, தடுப்பூசி மருந்தைக் குளிராக வைத்திருக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியின் மூடியைத் திறக்க விடாமல் முதலில் என் கையைப் பிடித்தீர்கள். திறக்காமல் வைத்தால் குளிர் நிற்கும், திறந்தால் போய்விடும் என்றீர்கள். வெப்பமானியில் 5 டிகிரி காட்டியது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் வரைதான் அந்த மருந்துக்கு உயிர். மின்சாரம் பல நாட்களுக்கு வராது என்பது நம் இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டு போவது என்று நான் கேட்டேன். விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் நால்வரை நீங்கள் பெயர் சொல்லி அழைத்தீர்கள். நால்வருக்கும் சின்ன வயதில் ஊசி போட்டவர் நீங்கள்தான். குளிர்பெட்டியை அவர்கள் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். மரம் கிடந்த இடமெல்லாம் தூக்கித் தாண்டினார்கள். போய்ச் சேர்ந்ததும் வெப்பமானியைப் பார்த்தோம்: 7 டிகிரி. உங்கள் வீட்டுக் கூரை பறந்துவிட்டது என்பதை மறுநாள் வேறு ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை, சிஸ்டர்."

(திரையில்: அங்கன்வாடிப் பணியாளர்)

"முருங்கைக்கீரை அடை செய்முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான், அக்கா, இன்றும் கர்ப்பிணிகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்."

(திரையில்: அரசு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்)

"2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, அந்த ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. எங்கள் பள்ளியில் பாதிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. நான் கூட்டம் போட்டு விளக்கலாம் என்றேன். அம்மா, நீங்கள் அது வேண்டாம் என்றீர்கள். கூட்டத்தில் ஒருவர் குரல் உயர்த்தினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது உங்கள் கணிப்பு. பள்ளித் திண்ணையில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்கு வந்த செய்தியை எனக்குக் காட்டுங்கள்' என்று வாங்கிப் படித்து, அவரவர் சந்தேகத்துக்குத் தனித்தனியாகப் பதில் சொன்னீர்கள். யாரையும் படிக்காதவர் என்றோ மூடநம்பிக்கை என்றோ நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று மாலைகள் அப்படி உட்கார்ந்தீர்கள். முகாமின் கடைசி நாளில் எங்கள் பள்ளியில் ஒரே ஒரு குழந்தைதான் பாக்கி; அதற்கு அப்போது காய்ச்சல் இருந்தது."

(திரையில்: குவைத்திலிருந்து, மின்பணியாளர்)

"நர்சம்மா, நீங்கள் ஊசி போட வந்தால் நான் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொள்வேன். இப்போது என் மகளுக்கு ஊசி நாள் என்றால் இங்கிருந்து நானே மனைவிக்கு போன் செய்து நினைவுபடுத்துகிறேன்."

(திரையில்: புஷ்பவனம், சுயஉதவிக் குழு உறுப்பினர்)

"2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை, அக்கா, உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட முகாமில் நாங்கள் படுத்திருந்த நாட்களில், நீங்கள் தினமும் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். அப்போது எனக்கு எட்டாம் மாதம். என் அட்டை கடலோடு போய்விட்டது என்று அழுதேன். நீங்கள் உங்கள் நினைவிலிருந்தே எனக்குப் புது அட்டை எழுதிக் கொடுத்தீர்கள். கடைசி மாதவிடாய்த் தேதி, ரத்தப் பிரிவு, போட்ட ஊசிகள், எல்லாம். பிறகு மருத்துவமனையில் ரத்தப் பிரிவைச் சோதித்தபோது, நீங்கள் எழுதியதே சரியாக இருந்தது."

(திரையில்: மகள்)

"அம்மா, இந்தக் காணொளிக்காக என்னிடமும் கேட்டார்கள். புதன்கிழமைகளில் நீங்கள் வீட்டுக்கு வர இருட்டிவிடும். அப்பாதான் சோறு வடிப்பார். பள்ளியில் எனக்குப் பரிசு கொடுத்த நாளும் ஒரு புதன்கிழமையாக அமைந்துவிட்டது, நீங்கள் வரவில்லை. அன்று எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது. இன்று இத்தனை பேர் பேசியதைத் தொகுத்தவர்கள் எனக்கு முன்னதாகவே போட்டுக் காட்டினார்கள். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது இவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இனிமேல் புதன்கிழமைகள் எங்களுக்கு வேண்டும், அம்மா."

தொகுப்பாளர் குரல்:

அக்கா, இந்தப் பதிவைச் சேர்க்கலாமா என்று நாங்கள் தயங்கினோம். உங்கள் மகள்தான் வெட்டாமல் முழுவதும் போட வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயமான கோரிக்கை. உங்கள் வீட்டாருக்குச் சேர வேண்டிய பல புதன்கிழமைகளை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்காக உங்கள் கணவரிடமும் மகளிடமும் இந்த மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் எங்கள் நன்றியைச் சொல்லிக்கொள்கிறோம்.

கடைசிப் பதிவு என்னுடையது. நீங்கள் பணியில் இருந்த கடைசிப் புதன்கிழமையான ஜூன் 25 காலையில், உங்களுக்குத் தெரியாமல் எடுத்தது.

(திரையில்: ஆரம்ப சுகாதார நிலையம், காலை ஏழரை மணி. மேசை மேல் நான்கு ஐஸ் பேக்குகள் வியர்த்துக்கொண்டிருக்கின்றன. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுகிறார். மூன்றாவதைக் கீழே வைத்துவிடுகிறார்.)

உறைபனியாக இருக்கும் ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைத்தால் பென்டாவேலன்ட் தடுப்பூசி மருந்து உறைந்து பயனற்றுப் போய்விடும். உள்ளே கொஞ்சம் உருகி, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 34 ஆண்டுகளாக நான்கையும் தனித்தனியாகக் காதில் வைத்துக் கேட்டவர் நீங்கள். அன்று மூன்றாவதில் சத்தம் வரவில்லை. முகாமுக்கு நேரமாகிறது என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். பத்து நிமிடம் காத்திருந்தீர்கள். பிறகு அதை எடுத்து, நீங்கள் ஆட்டிப் பார்க்காமல், என் காதில் வைத்தீர்கள்.

(திரையில்: கைப்பேசியைப் பிடித்திருக்கும் கை சற்று அசைகிறது. தண்ணீர் சலசலக்கும் மெல்லிய ஒலி.)

கேட்கிறது, அக்கா. நான்கும் சரியாக இருக்கின்றன. பெட்டியை மூடிவிட்டுக் கிளம்புகிறோம்.