தேர்வைத் தள்ளிவைக்கக் கோரும் விடுப்புக் கடிதம்

அனுப்புநர்:
ச. கவிதா,
எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு,
வாடகை இருப்பிடம்: காத்ர் போர்ன், மொரீஷியஸ்.

பெறுநர்:
துறைத் தலைவர்,
மருந்தியல் துறை.

நாள்: 18.3.2024

பொருள்: டெங்கு காய்ச்சல் – எழுத்துத் தேர்வுகளைத் தள்ளிவைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். ஆங்கிலப் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. அதில் காரணம் எழுத இரண்டே வரிதான் இடம் இருந்தது. தேர்வுக் குழுவில் நீங்களும் இருப்பதால் முழு விவரத்தையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்ச் 9, சனிக்கிழமை மாலை காய்ச்சல் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகு ஒடிகிற மாதிரி உடம்புவலி. திங்கட்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்.எஸ்.1 பாசிட்டிவ். அதற்கு முன், சனிக்கிழமை இரவு, ஒரு ஐபுப்ரோஃபென் மாத்திரை போட்டுவிட்டேன். ஊரெங்கும் டெங்கு பரவும் நேரத்தில், அதுவும் மருந்தியல் படிக்கிறவள் செய்யக்கூடாத காரியம்; டாக்டரிடம் மறைக்கவில்லை. அப்புறம் பாரசிட்டமால் மட்டும்தான்.

12ஆம் தேதி தேசிய தின விடுமுறை. வீட்டுக்கார அத்தை இளநீரும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 13ஆம் தேதி காய்ச்சல் இறங்கியது. சரி, தேறிவிட்டோம் என்று நினைத்தேன். அன்றே வயிற்றுவலியும் விடாத வாந்தியும் வந்தன. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது. உடனே அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

திங்கட்கிழமை 1,48,000 இருந்த தட்டணுக்கள் 14ஆம் தேதி 54,000, 15ஆம் தேதி 41,000 என்று இறங்கின. ஹீமட்டோக்ரிட் 38இலிருந்து 45 சதவீதமாக ஏறியதால் சலைன் ஏற்றினார்கள். ரத்தக் கசிவு இல்லை, தட்டணு ஏற்றவும் தேவைப்படவில்லை. இன்று காலை 96,000 வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்ச் 31 வரை ஓய்வு என்று சான்றிதழில் எழுதியிருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் தலை சுற்றுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத என்னால் முடியாது.

மருந்தியல் முதல் தாள் மார்ச் 20, இரண்டாம் தாள் 22, நோயியல் 25, நுண்ணுயிரியல் 27. இந்த நான்கையும் அடுத்த துணைத் தேர்வில் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். (நுண்ணுயிரியலில் டெங்கு கேள்வி வந்தால் அதை மட்டும் இப்போதே எழுதிவிடுவேன்!) ஏப்ரல் 2, 3 தேதிகளில் நடக்கும் செய்முறைத் தேர்வுகளுக்கு வந்துவிடுவேன், அவற்றைத் தள்ளிவைக்க வேண்டாம்.

முக்கியமாக ஒன்று, மேடம். துணைத் தேர்வில் எழுதுவதை அரியராகக் கணக்கிடாமல் முதல் முயற்சியாகவே பதிவு செய்ய வேண்டும். இதுவரை ஒரு தாளிலும் நான் தவறியதில்லை. மதிப்பெண் பட்டியலில் காரணம் தெரியாது, முயற்சி எண் மட்டும்தான் தெரியும் என்பதால் கேட்கிறேன்.

என்.எஸ்.1 அறிக்கை, நாள்வாரி ரத்த அணு எண்ணிக்கைத் தாள்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஓய்வுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் உள்ளன. நேரில் வரச் சொன்னால் 21ஆம் தேதி மறுபரிசோதனை முடிந்ததும் அத்தையுடன் வருகிறேன்.

தங்கள் மாணவி,
ச. கவிதா