சரக்கு பெறுகை ஒப்புதல்: குறைவு, சேதம் குறிப்புடன்

குன்னூர், 14.10.2025

ஐயா,

உங்கள் பில் எண் 1187-இன்படி கோவையிலிருந்து அனுப்பிய 100 மி.லி. தைல பாட்டில் சரக்கு இன்று காலை வந்தது. பில்லில் 40 பெட்டி, இறக்கியது 38. லாரி ரசீதிலும் 40 என்றே இருக்கிறது. டிரைவர் முன்னிலையில் இரண்டு முறை எண்ணி, சலானில் "2 பெட்டி குறைவு, 3 பெட்டி சேதம்" என்று எழுதி அவர் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம்.

சேதமான மூன்றில் ஒன்று அடிப்பக்கம் நனைந்து, தூக்கும்போதே கண்ணாடித் தூள் கொட்டியது. இன்னொன்றில் உங்கள் டேப்புக்கு மேல் வேறு நிற டேப் ஒட்டியிருக்கிறது. வழியில் யாரோ பிரித்திருக்க வேண்டும். மலைப்பாதைக் குலுக்கலில் டேப் மாறாது. மூன்றிலும் சேர்த்து உடைந்தவை 41.

வராத 2 பெட்டியில் 192, உடைந்த 41, ஆக 233 பாட்டில். ஒன்று ₹9 வீதம் ₹2,097, ஜிஎஸ்டி தனி. இந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் செலுத்துகிறோம். கிரெடிட் நோட்டோ மாற்றுச் சரக்கோ, எது வசதியோ அனுப்புங்கள்.

மற்ற 35 பெட்டிகளை வெளித்தோற்றம் பார்த்து மட்டுமே பெற்றிருக்கிறோம். பிரிக்கும்போது குறை தெரிந்தால் அதையும் கோரும் உரிமை எங்களுக்கு உண்டு. உடைந்தவற்றைப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பிப் பார்க்கலாம். போட்டோக்கள் வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று.

நகல் லாரி ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் போகிறது. கேரியேஜ் பை ரோடு சட்டம் 2007, பிரிவு 16-இன்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டிய எழுத்து நோட்டீசாக அவர்கள் இதையே கொள்ளவும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்