சேர்வராயன் மலை ஊராட்சிப் பள்ளியில் தலைமையாசிரியர் பேச்சு: ஆகஸ்ட் 15

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். கண்ணுங்களா, குளிருதுன்னு தெரியும், சீக்கிரம் முடிச்சிடறேன்.

1947 ஆகஸ்ட் 15-க்கு முன்னாடி நம்ம நாட்டை வெள்ளைக்காரங்க ஆண்டாங்க. சட்டம் அவங்களது, வரி நம்மளது. அதை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவங்க ஆயிரமாயிரம் பேர். நம்ம சேலம் நகராட்சித் தலைவரா இருந்த ராஜாஜியும் வேதாரண்யத்துல உப்பு அள்ளி, 1930-ல் சிறை போனார். உப்புக்குக்கூட வரி, பாருங்க!

இன்னிக்குக் கொடியைக் கீழேயிருந்து மேலே ஏத்தினோம், கவனிச்சீங்களா? ஜனவரி 26-ல் மேலேயே கட்டி வச்சு விரிப்போம். அன்னிக்குத்தான் 1950-ல் நம்ம அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு.

காவி மேலே, பச்சை கீழே, நடுவுல 24 ஆரம் உள்ள நீலச் சக்கரம். அவசரத்துல கயிறு மாட்டினா தலைகீழாயிடும்; அதனாலதான் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை ரெண்டு தடவை சரிபார்க்கச் சொன்னேன். மலைப்பனியில கயிறு நனைஞ்சா முடிச்சு இறுகும், அதையும் பார்த்துக்கிட்டாங்க. ரொம்ப நல்லா செஞ்சீங்க.

சட்டையில குத்தின காகிதக் கொடியைக் கீழே போடாதீங்க, டீச்சர்கிட்ட குடுங்க. இப்போ தேசிய கீதம், 52 விநாடி, நேரா நில்லுங்க. அப்புறம் வரிசையா வாங்க, மிட்டாய் எல்லாருக்கும் உண்டு.