ஒரு பக்கத்தின் அடக்க விலை: அக்டோபர் மாதக் கணக்கு

தம்பிக்கு,

டியூஷன் சென்டர் கேட்ட 30,000 பக்க இருபுற ஜெராக்ஸ் நோட்ஸ் ஆர்டருக்குப் பக்கம் 60 பைசா சொல்லலாம் என்று நீ எழுதிய சீட்டைப் பார்த்தேன். பேப்பர் 24, டோனர் 7, ஆக 31 பைசா, பாதிக்குப் பாதி லாபம் என்று போட்டிருக்கிறாய். நீ எழுதிய இரண்டு எண்களும் சரி. எழுதாமல் விட்டவைதான் நம் பணத்தைத் தின்கின்றன. விலை சொல்வதற்கு முன் இதை ஒருமுறை முழுக்கப் படி.

நம் கடையின் பெரிய ஜெராக்ஸ் மெஷினின் மீட்டர் அக்டோபரில் 42,000 ஓடியிருக்கிறது. காசு வாங்கியது 40,320 பக்கத்துக்கு. மீதி 1,680 கழிவு, அதாவது நூற்றுக்கு நான்கு. கீழே உள்ள செலவுகளை முதலில் மீட்டர் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறேன். கழிவைக் கடைசியில் ஏற்றுகிறேன்.

பேப்பர்: 75 ஜிஎஸ்எம் ஏ4, ரீம் 240 ரூபாய், ஜிஎஸ்டியும் ஆட்டோ கூலியும் சேர்த்து. 500 தாள் என்பதால் தாளுக்கு 48 பைசா. இருபுறமும் அடித்தால் பக்கத்துக்கு 24. அதைவிட மெல்லிய 70 ஜிஎஸ்எம் 215 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருபுற வேலையில் அதனால் மிச்சம் பக்கத்துக்கு இரண்டரைப் பைசாதான். மழைக்காலத்தில் அந்தத் தாள் ஈரம் இழுத்துச் சுருண்டு மெஷினுக்குள் சிக்கும், மறுபக்க எழுத்தும் தெரியும். எனக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

டோனர்: பாட்டில் 1,400 ரூபாய். 20,000 பக்கம் வரும் என்று உறையில் போட்டிருப்பது தாளில் 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருந்தால்தான். ஒரு சாதாரணக் கடிதத்தில் அவ்வளவுதான் இருக்கும். நம்மிடம் வருபவை தாலுகா அலுவலகத்துக்குப் போகும் பழைய பத்திரம், பழுப்பேறிய பட்டா, ஆதார், ரேஷன் கார்டு. போன மூன்று பாட்டில்களும் சராசரியாக 12,500 பக்கத்தில் தீர்ந்துவிட்டன. ஆகவே பக்கத்துக்கு 11.2 பைசா. இதில் கடைப் பையனிடம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஆதார் அட்டையைக் கண்ணாடியில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தபடியே பட்டனை அழுத்துகிறான். அட்டையைச் சுற்றித் தாள் முழுக்கக் கறுப்பாக வருகிறது. அந்த ஒரு தாளின் டோனரில் பத்துக் கடிதத்துக்கு மேல் அடிக்கலாம். வாடிக்கையாளரும் அதை வாங்க மாட்டார், மறுபடி எடுக்க வேண்டும்.

மெஷின் தேய்மானம்: நீ அறவே விட்டது இது. டிரம் 4,800 ரூபாய், 80,000 பக்கம் தாங்குகிறது: 6 பைசா. அதோடு மாற்றும் கிளீனிங் பிளேடு 500 ரூபாய்: 0.6. டெவலப்பர் 2,400 ரூபாய், 1,20,000 பக்கம்: 2. ஹீட் ரோலர், பிரஷர் ரோலர், பேரிங் செட்டாக 6,000 ரூபாய், 1,50,000 பக்கம்: 4. தாள் இழுக்கும் ரப்பர்கள் 900 ரூபாய், 60,000 பக்கம்: 1.5. மெக்கானிக்குக்கு மாதம் 700 ரூபாய்: 1.7. இவை 15.8 பைசா. இதற்குமேல் மெஷினின் விலை. செகண்ட் ஹேண்டில் 85,000 கொடுத்து வாங்கினோம். இன்னும் பத்து லட்சம் பக்கம் ஓட்டிவிட்டு 15,000க்குத் தள்ளலாம் என்று வைத்தால் 70,000 ரூபாய் தேய்கிறது, பக்கத்துக்கு 7 பைசா. மொத்தம் 22.8. டோனரைப் போல இரண்டு மடங்கு! இந்தப் பணம் தினமும் கையை விட்டுப் போவதில்லை, ஒருநாள் மொத்தமாகக் கேட்கும். அன்று மெஷினும் நிற்கும்.

மின்சாரம்: பில்லில் மெஷினின் பங்கு 1,500 ரூபாய், 3.6 பைசா.

கூட்டினால் ஒருபுறப் பக்கம் 85.6 பைசா, இருபுறப் பக்கம் 61.6.

இனி கழிவு. மேசைக்கு அடியில் கிடந்த கழிவுத் தாள் கட்டை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பிரித்து எண்ணினேன். உள்ளே சிக்கிக் கசங்கியவை 620, மங்கலாகவோ கறுத்தோ வந்தவை 410, வாடிக்கையாளர் எண்ணிக்கையை மாற்றியதால் மிஞ்சியவை 290, இருபுறத்தில் முன்பின் தலைகீழாகப் போனவை 240, காலையில் சோதனைக்கு எடுத்தவை 120. சிக்கியவற்றில் பாதிக்கு மேல் கரண்ட் போன நேரத்தில் நடந்தவை. ஹீட் ரோலருக்குள் தாள் பாதியில் நின்றுவிடுகிறது. மெஷினுக்கு யுபிஎஸ் போடும் அளவுக்கு இது இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கழிந்த தாளின் வெற்றுப் பக்கத்தை ரஃப் பேடாகத் தைத்துக்கொள்வோம், திரும்ப டிரேயில் வைக்க வேண்டாம். மறந்துபோன ஒரு ஸ்டேப்ளர் பின் போதும், டிரம்மில் கோடு விழுந்துவிடும்.

கழிந்த தாளுக்கும் எல்லாச் செலவும் ஆகிவிட்டது, காசு மட்டும் வரவில்லை. அதனால் 85.6ஐ 0.96ஆல் வகுக்க வேண்டும்: 89.2 பைசா. இருபுற வேலையில் ஒரு தாள் சிக்கினால் இரண்டு பக்கம் போகிறது. ஜூனில் அடித்த நோட்ஸில் கழிவு நூற்றுக்கு ஏழு. ஆகவே 61.6ஐ 0.93ஆல் வகுத்தால் 66.2.

கடை வாடகை, பையன் சம்பளம், இன்டர்நெட் எல்லாம் மாதம் 18,000. லேமினேஷன், ஸ்பைரல், ஆன்லைன் விண்ணப்பம் ஆகியவற்றுக்கு 40 சதவீதத்தைத் தள்ளினால் ஜெராக்ஸின் பங்கு 10,800, பக்கத்துக்கு 26.8 பைசா. ஆக ஒருபுற ஜெராக்ஸ் நமக்கு 1.16 ரூபாய், இருபுறம் 93 பைசா. கவுண்டரில் இரண்டு ரூபாய் வாங்குவதில் பயப்பட ஒன்றுமில்லை.

சின்ன லேசர் பிரிண்டரைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ரீஃபில் 300 ரூபாய்க்கு 1,100 பக்கம்தான் வருகிறது: 27.3. டிரம், பிளேடு 10.6. ஃபியூசர் ஃபிலிம் 6. பிரிண்டர் 16,000 ரூபாய், ஆயுள் 60,000 பக்கம் என்றால் 26.7. பேப்பர் 48, மின்சாரம் 3. கழிவு ஆறு சதவீதம் ஏற்றினால் 1.29 ரூபாய், வாடகைக்கு முன்பே. ஹால் டிக்கெட் ஒன்றிரண்டுக்கு அது இருக்கட்டும். பத்துப் பக்கத்துக்கு மேல் எந்த ஃபைல் வந்தாலும் நெட்வொர்க்கில் பெரிய மெஷினுக்கே அனுப்பு.

டியூஷன் சென்டருக்கு வருகிறேன். வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுக்கிறோம், அதை இந்த ஆர்டர் மேல் ஏற்றவில்லை. சுத்தமான எழுத்துப் பக்கம் என்பதால் டோனரை உன் கணக்குப்படி 7 பைசாவாகவே எடுத்துக்கொள்கிறேன். 24, 7, 22.8, 3.6 கூட்டினால் 57.4, கழிவோடு 61.7. உன் 60 பைசாவுக்கு அடித்தால் 30,000 பக்கத்துக்கு 510 ரூபாய் நஷ்டம். இரண்டு இரவு தங்கும் பையனுக்கு 1,000 கொடுத்தால் 1,510. டிரம்மின் ஆயுளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவர்களுக்குத் தானமாகப் போகிறது. 85 பைசா என்றால் பையனுக்குக் கொடுத்தது போக சுமார் 6,000 நிற்கும். 75க்குக் கீழே இறங்காதே. 75இல் நிற்பது 3,000க்குள்தான். எதிர்க்கடை 60க்கு அடித்தால் அடிக்கட்டும், அவருடைய டிரம் அது.

ஃபைலைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லாதே. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஸ்லைடுகளாக இருந்தால் கறுப்பு 30 சதவீதமே இருந்தாலும் டோனர் மட்டும் 42 பைசா, அடக்கம் 99. வெள்ளைப் பின்னணிக்கு மாற்றித் தரச் சொல், இல்லையென்றால் பக்கம் 1.25 ரூபாய் சொல். இந்த ஆர்டருக்குக் கழிவோடு 33 ரீம் வேண்டும், 7,920 ரூபாய். அந்தத் தொகையை முன்பணமாக வாங்கிவிட்டே ரீமைப் பிரி. ரீம் 10 ரூபாய் ஏறினால் தாளுக்கு 2 பைசா கூடும், இருபுற வேலையில் பக்கத்துக்கு ஒன்று. ஜனவரியில் புது ஸ்டாக் வரும்போது இந்தத் தாளைத் திருத்தி எழுதுகிறேன்.

அண்ணன்